28 ஹெர்ட்ஸில் நிற்பது பேரிங் இல்லை, போலி

“ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் டிரம் மோட்டார், 1480 ஆர்பிஎம். அதன் அதிர்வை நொடிக்கு 128 மாதிரி, மொத்தம் 1024 எடுத்து, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி கணக்கு போட்டேன். 28 ஹெர்ட்ஸில் பெரிய முனை. பேரிங் போச்சா, இல்லை எஃப்எஃப்டி குறுக்குவழி என்பதால் வந்த பிழையா?”

எஃப்எஃப்டி மேல் பழி போடாதீர்கள். அது தோராயக் கணக்கு இல்லை. 1024 மாதிரிகளை இரட்டை எண் இடத்தவை, ஒற்றை எண் இடத்தவை என்று 512, 512 ஆகப் பிரிக்கிறது. அவற்றையும் அப்படியே பிரித்துக்கொண்டு போனால் பத்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் சேர்க்க 512 பெருக்கல், ஆக 5,120. நேரடியாகச் செய்தால் 1024 × 1024, பத்து லட்சத்துக்கும் மேல். விடை இரண்டிலும் ஒன்றுதான்.

கோளாறு மாதிரி எடுத்த வேகத்தில் இருக்கிறது. 128-இல் பாதி, அதாவது 64 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். 64-க்கும் 128-க்கும் நடுவில் இருப்பது, 128-இல் அதைக் கழித்தால் வரும் இடத்தில் மடிந்து போலியாகத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஒவ்வொரு சுற்றிலும் காந்த இழுப்பு இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். அதனால் மோட்டார் உடம்பு 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். 128-இல் 100 போனால்? 28. மடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

நொடிக்கு 120 மாதிரி வைத்துப் பாருங்கள். முனை 20-க்கு நகர்ந்தால் போலி. 1480-ஐ 60-ஆல் வகுத்தால் வரும் சுழற்சியின் 24.7 ஹெர்ட்ஸ் அசையாது. இது தெரியாமல் நான் ஒருமுறை நல்ல பேரிங்கைக் கழற்றிப்போட்டேன், தண்டச்செலவு.

அப்புறம், மாதிரி எடுத்த பிறகு மென்பொருளில் வடிகட்டிப் பயனில்லை. மடிந்ததைப் பிரிக்க முடியாது. வேகத்தை 512 ஆக்குங்கள், சென்சாருக்கும், சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கும் நடுவில், உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள்.