ஊஞ்சலுக்கு வந்த கரன்சி கட்டணம்

கேள்வி: காரைக்குடியில் ஒரு தேக்கு ஊஞ்சலும் சின்ன அலமாரியும் செய்யச் சொல்லி, 2,000 வெள்ளி அளவுக்கு முழுப் பணத்தையும் ரூபாயில் அனுப்பிவிட்டேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் எடுத்துவர இங்குள்ள சரக்கு முகவர் தந்த விலைப்பட்டியலில் 'சிஏஎஃப் 10%' என்று 66.84 வெள்ளி சேர்த்திருக்கிறார். கேட்டால், "கரன்சி ஏறி இறங்குது, அது கப்பல் கம்பெனி வாங்குற காசு" என்கிறார். ரூபாய்தான் விழுந்துகொண்டே போகிறதே, எனக்குக் குறையத்தானே வேண்டும்? பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஈசூன் வாசகி

பதில்: சிஏஎஃப் என்பது நாணய மதிப்பு மாறுவதை ஈடுகட்டக் கப்பல் கட்டணத்தோடு சேர்க்கும் தொகை. அப்படி ஒரு கட்டணம் இருப்பது உண்மை. 66.84 வெள்ளி வந்த கணக்குதான் சரியில்லை.

முதலில் ரூபாய் விஷயம். கப்பல் கட்டணம் உலகம் முழுவதும் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் பேசப்படுகிறது. கப்பல் நிறுவனத்தின் செலவோ பல நாட்டுப் பணங்களில் நடக்கிறது: துறைமுகக் கூலி, அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம். அந்தப் பணங்களுக்கு எதிராக டாலர் இறங்கினால், வரவு அப்படியே இருக்க, செலவு கூடிவிடும். 1971இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்து, 1973க்குள் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கிய பிறகு இந்த இடியைச் சமாளிக்கத்தான் அடிப்படைக் கட்டணத்தின் மேல் ஒரு சதவீதம் சேர்க்கும் பழக்கம் பரவியது. ஆகவே நீங்கள் தச்சருக்கு அனுப்பிய ரூபாய்க்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ரூபாய் இறங்கிய லாபம் உங்களுக்கு மரச்சாமான் விலையிலேயே கிடைத்துவிட்டது.

இருந்தாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டாலருக்கு எதிராக ரூபாய் விழுந்தால், சென்னையில் கப்பல் நிறுவனம் செய்யும் செலவு டாலர் கணக்கில் குறையத்தான் செய்யும். இந்தப் பக்கம் வெள்ளி வலுவாக இருப்பதால் சிங்கப்பூர்ச் செலவு கூடுகிறது என்று முகவர் சொல்லக்கூடும். ஆனால் இங்குள்ள துறைமுகக் கையாளல் கட்டணத்தை உங்களிடம் தனியாக வெள்ளியிலேயே வாங்குகிறார்களே! அந்தத் தொகையில் நாணய நட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது உங்கள் பட்டியல். மூன்று கன மீட்டருக்குக் கடல் கட்டணம் 150 டாலர், எரிபொருள் கட்டணம் 30 டாலர். இந்த 180 டாலரை, ஒரு டாலருக்கு 1.38 வெள்ளி என்று மாற்றி 248.40 வெள்ளி ஆக்கியிருக்கிறார். இங்குள்ள கையாளல், கிடங்கு, ஆவணம், வீட்டுக்குக் கொண்டுவருதல் எல்லாம் சேர்த்து 420 வெள்ளி. மொத்தம் 668.40. அதன் மேல் 10 சதவீதம் போட்டதால் 66.84.

வழக்கம் அதுவல்ல. இந்த சதவீதம் அடிப்படைக் கடல் கட்டணத்தின் மேல் வரும். சில வழித்தடங்களில் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ஈசூனில் லாரிக்காரருக்குக் கொடுக்கும் கூலியின் மேல் நாணயக் கட்டணம் போட எந்தக் காரணமும் இல்லை. 150 டாலருக்கு 10 சதவீதம் 15 டாலர்தான். உங்கள் வங்கி ஒரு டாலரை 1.30 வெள்ளிக்கு விற்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 19.50 வெள்ளி. எரிபொருளையும் சேர்த்தால்கூட 23.40.

அடுத்தது அந்த 1.38. நாணயத்தின் பெயரில் பட்டியலில் ஒளிந்திருக்கும் இரண்டாவது கட்டணம் அது. விலை சொல்லும் நாளுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் நடுவில் டாலர் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று முகவர்கள் மாற்று விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். கொஞ்சம் என்றால் குறை சொல்ல மாட்டேன். இங்கே 6 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. 180 டாலருக்கு 14.40 வெள்ளி அதிகம். விகிதத்தையும் கூட்டிவிட்டு, கூட்டிய தொகையின் மேலேயே இன்னொரு 10 சதவீதமும் கேட்பது ஒரே ஆபத்துக்கு இரண்டு தடவை காப்பீடு வாங்குவது போல.

சரியாகப் போட்டால் 195 டாலர், அதாவது 253.50 வெள்ளி, அதனுடன் 420. ஆக 673.50. அவர் கேட்பது 735.24. வித்தியாசம் 61.74 வெள்ளி.

"கப்பல் கம்பெனி வாங்குற காசு" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று கன மீட்டர் சரக்குக்கு யாரும் தனிக் கண்டெய்னர் எடுப்பதில்லை. பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஏற்றும் ஒரு நிறுவனம்தான் கப்பல்காரரிடம் கண்டெய்னர் கணக்கில் பணம் கட்டுகிறது. அதைப் பிரித்து, தன் சொந்த விலைப்பட்டியல் போட்டு முகவருக்கு விற்கிறது. உங்கள் ஊஞ்சலுக்கென்று கப்பல் நிறுவனம் 10 சதவீத பில் எதுவும் அனுப்பப் போவதில்லை. இந்த எண்ணைப் பேசிக் குறைக்க முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பல நிறுவனங்கள் இப்போது எல்லாம் அடங்கிய ஒரே கட்டணமாகவே சொல்கின்றன. அப்படி ஒரு விலையும் கேட்டு வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. மரச்சாமானுக்கு இங்கே இறக்குமதித் தீர்வை கிடையாது, 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான். அது பொருள் விலை, காப்பீடு, இங்கு வந்து சேரும் வரையிலான கப்பல் செலவு ஆகியவற்றின் மேல் கணக்கிடப்படும். ஆகவே கப்பல் செலவோடு சேரும் நாணயக் கட்டணத்துக்கும் வரி உண்டு: 19.50 வெள்ளிக்கு 1.76, 66.84 வெள்ளிக்கு ஏறக்குறைய 6 வெள்ளி. டாலர் தொகைகளுக்கு முகவரின் 1.38 செல்லாது, சுங்கத்துறை வெளியிடும் மாற்று விகிதம்தான் கணக்கு.

இதையெல்லாம் பார்த்தால், நியாயமாகப் போட்ட 10 சதவீதம் உங்கள் மொத்தச் செலவை ஒரு சதவீதம்கூட ஏற்றாது. தேக்கு, பித்தளை, பட்டு எல்லாம் இப்படித்தான்: பொருளின் விலை பெரிது, கப்பல் செலவு சிறிது. ஒரு கடைக்காரர் "கப்பலில் கரன்சி கட்டணம் 10 சதவீதம் ஏறிவிட்டது" என்று குத்துவிளக்கின் விலையையும் 10 சதவீதம் ஏற்றினால் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மண்பானை, பஞ்சு மெத்தை போல இடத்தை அடைத்துக்கொண்டு விலை குறைவாக இருக்கும் சாமான்கள் வேறு கதை. அவற்றில் கப்பல் செலவே விலையின் பெரும்பங்காக இருப்பதால் இந்தக் கட்டணம் உண்மையிலேயே உறைக்கும்.

முகவரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள்: சதவீதம் பட்டியலின் எந்தத் தொகையின் மேல்? டாலர் விகிதம் எந்த நாளுடையது, எந்த வங்கியுடையது? அப்புறம், பட்டியலின் அடியில் 'ஏற்றும் நாளில் நடப்பிலுள்ள கட்டணப்படி' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்று சொன்ன 10 சதவீதம் கப்பல் ஏறும் நாளில் 14 ஆகலாம். பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட தேதி வரை விலை மாறாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு முகவரைப் பாருங்கள். சரக்கு இன்னும் காரைக்குடியில்தான் இருக்கிறது, பேரம் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. துறைமுகக் கிடங்குக்கு வந்துவிட்டால், பணம் கட்டாமல் சாமானை விட மாட்டார்கள், கிடங்கு வாடகையும் ஏறிக்கொண்டே போகும்.