தேரி மண்ணை வெட்டி ஆணியால் நிறுத்துவது: சாயல்குடி வெட்டு ஒன்றை வைத்துக் கேள்வி பதில்

சாயல்குடி பக்கம் செந்தேரி மேட்டை 6 மீட்டருக்குச் செங்குத்தா வெட்டி, 30 மீட்டர் நீளத்துக்குக் குடோன் போடணும். தடுப்புச் சுவருக்கு இடமில்லை. ஆணி எத்தனை மீட்டர், எவ்வளவு இடைவெளி? (ஒப்பந்தக்காரர்)

நீளத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் போய் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டு, ஒரு பகல் ஒரு இரவு சும்மா விட்டுப் பாருங்கள். ஆணி என்று நாம் சொல்வது மண்ணுக்குள் துளையிட்டு வைக்கும் நீளக் கம்பி. அதை அடிக்கும் வேலை மேலிருந்து கீழே வரிசை வரிசையாக இறங்குவது. ஒரு வரிசைக்கு வெட்டி, துளையிட்டு, கம்பி வைத்து, கிரவுட் என்னும் சிமெண்ட் பால் விட்டு, முகத்தில் ஷாட்கிரீட் என்னும் தெளிப்புக் கான்கிரீட் அடிக்கும்வரை அந்த மண் தானாக நிற்க வேண்டும். தேரி மண் என்பது செம்மணல்தான், அதில் கொஞ்சம் களியும் இரும்புக் கறையும் இருப்பதால் ஈரமாக இருக்கும்போது நன்றாகவே நிற்கும். காலையில் வெட்டிய முகம் கத்தியால் சீவினதுபோல இருக்கும், மதியம் வெயில் ஏறி ஈரம் போனதும் கோடு கோடாக மணல் உதிர ஆரம்பிக்கும். எத்தனை மணி நேரத்தில் உதிர்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

அண்ணே, 1.2 மீட்டர் வெட்டு ஒரு நாள் நின்னுது. 1.5 வெட்டினது ராத்திரியே சரிஞ்சு விழுந்துட்டு. (அதே ஒப்பந்தக்காரர்)

சரி, இடைவெளி முடிவாகிவிட்டது: 1.2 மீட்டர். இனி நீளம்.

உங்கள் மண்ணுக்கு உராய்வுக் கோணம் 32 டிகிரி, கன மீட்டருக்கு 1.7 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் வெட்டில் மேல்பாதி ஆணிகள் மேல் வரும் இழுப்பு, முகத்தின் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2.4 டன். 1.2க்கு 1.2 இடைவெளியில் ஓர் ஆணிக்கு 1.44 சதுர மீட்டர், ஆக ஏறத்தாழ 3.4 டன். அதைத் தாங்கும் பிடிப்பு, சரியும் மண்ணுக்குப் பின்னால் இருக்கும் கிரவுட்டில்தான் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் துளையில், இந்த மாதிரி மணலில் மீட்டருக்கு 2.5 டன் பிடிப்பு எதிர்பார்க்கலாம். பாதுகாப்புக்காக அதில் பாதியை, 1.25 டன்னை மட்டும் நம்புகிறேன். அப்படியானால் 2.7 மீட்டர் பின்னால் வேண்டும். உச்சிப் பக்கம் சரியும் மண்ணின் அகலம் 1.8 மீட்டர் வரை வரும். கூட்டினால் 4.5, நான் 5 மீட்டர் போடுவேன். கிடைமட்டத்திலிருந்து 15 டிகிரி கீழ்நோக்கிச் சாய்வு, அப்போதுதான் கிரவுட் வெளியே வழியாமல் நிற்கும். இந்தக் கணக்கு முதல் மதிப்பீடு மட்டுமே. முழு வெட்டும் ஆணிகளோடு சேர்ந்து சரியுமா என்பதை வடிவமைப்பாளர் தனியே பார்க்க வேண்டும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1.5 இடைவெளி என்றால் ஓர் ஆணிக்கு 5.4 டன், நீளம் 6.5 மீட்டர் ஆகும், ஆனால் உங்கள் 30 மீட்டருக்கு 80 ஆணி போதும், மொத்தம் 520 மீட்டர் துளை. 1.2 என்றால் 125 ஆணி, 625 மீட்டர். காகிதத்தில் அகல இடைவெளிதான் மலிவு. ஆனால் மண் ராத்திரியே பதில் சொல்லிவிட்டதே.

சார், ஆழம் போகப்போக மண் அழுத்தம் கூடும்தானே? அப்ப கீழ் வரிசை ஆணிதானே நீளமா இருக்கணும்? (டிப்ளமோ மாணவர்)

முதல் பாதி சரி தம்பி. ஆனால் சரியும் தளம் வெட்டின் அடியில் முகத்தோடு ஒட்டி வெளியே வரும், மேலே போகப்போக உள்ளே தள்ளிப் போகும். அதனால் கீழ் ஆணிக்குப் பிடிப்பு நீளம் தானாகவே நிறையக் கிடைத்துவிடுகிறது. மேல் வரிசையைக் குறைத்தால் உச்சி முன்னால் நகரும். 6 மீட்டர் வெட்டில் ஒழுங்காகச் செய்தாலே 12 முதல் 20 மில்லிமீட்டர் நகர்வு வரலாம், மேலே காம்பவுண்டு சுவர் இருந்தால் அதில் விரிசல் தெரியும்.

மீட்டருக்கு 2.5 டன்னுன்னு எதை வச்சு சொல்றீங்க? எங்க சைட்ல ஆணியை இழுத்துப் பார்த்தோம், 8 டன் வரைக்கும் அசையவே இல்லை. (சைட் சூப்பர்வைசர், கீழக்கரை)

உங்கள் சோதனை ஆணியில் கிரவுட்டை வாய்வரை நிரப்பினீர்களா? அப்படியானால் சரியப்போகிற முன்பக்க மண்ணும் சேர்ந்து பிடித்திருக்கிறது, நாளைக்கு அந்த மண் உதவிக்கு வராது. நானும் முதல் வேலையில் இதே தப்பைச் செய்து, பெருமையாக அறிக்கை எழுதி, திட்டு வாங்கியவன்தான்.

சோதனை ஆணியில் முன்பக்கம் ஒரு மீட்டராவது கிரவுட் இல்லாமல் விட்டு, பின்னால் 3 மீட்டரில் மட்டும் நிரப்புங்கள். ஜாக்கை முகத்து மண்ணில் நேரே உட்கார வைக்காமல், துளையை அழுத்தாதபடி சட்டம் போட்டு வையுங்கள். நகர்வை அளக்கும் டயல் கேஜின் காலை வேறு தனிக் கட்டையில் நிறுத்துங்கள். 3 மீட்டருக்கு 1.25 டன் வீதம் வடிவமைப்புச் சுமை 3.75 டன், அதைப்போல் இரண்டு மடங்கு வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒன்றரை மடங்கில் நிறுத்தி, முதல் நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் இடையில் முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால், இன்னும் பிடுங்கிக்கொண்டு வராவிட்டாலும் அந்த ஆணி ஊர்கிறது என்று அர்த்தம். இது வேலை தொடங்கும் முன். அப்புறம் நிரந்தர ஆணிகளில் நூற்றுக்கு ஐந்து, அதாவது இங்கே ஆறேழு ஆணியை ஒன்றரை மடங்கு வரை சோதித்தால் போதும்.

துளை மூடிக்கொள்ளுதே, அதுக்கு என்ன வழி? நாங்க தண்ணி விட்டுத்தான் துளை போடுவோம், பிரச்சினையே வந்ததில்லை. (போர்வெல் வண்டிக்காரர், பெரியபட்டினம்)

கிணற்றுக்குத் தண்ணீர் விடலாம் அண்ணே, இங்கே வேண்டாம். மணலின் ஈரப் பிடிப்பைத் தண்ணீர் கரைத்துவிடும், பக்கத்து வரிசையும் இளகும். துளை மூடாமல் காக்கும் கேசிங் குழாயை இறக்கித் துளையிட்டு, உள்ளே கிரவுட் குழாயை அடிவரை விட்டு, அடியிலிருந்து கிரவுட் ஏற்றிக்கொண்டே கேசிங்கை உருவ வேண்டும்.

துளை மூடியதா என்பதைச் சிமெண்ட் மூட்டையே சொல்லும். 5 மீட்டர், 100 மில்லிமீட்டர் துளையின் கொள்ளளவு 39 லிட்டர். 50 கிலோ மூட்டை ஒன்றை 22 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 38 லிட்டர் வரும். ஆணிக்கு ஒரு மூட்டை என்று வையுங்கள், மணல் கொஞ்சம் குடிக்கும், ஒன்றேகால் ஒன்றரை போகும். முக்கால் மூட்டையிலேயே வாயில் வழிந்தால் உள்ளே மண் விழுந்திருக்கிறது. அந்த ஆணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள்.

அந்த 22 லிட்டர் ஊரணித் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்றும் பாருங்கள். உவர் தண்ணீர் கூடவே கூடாது. கம்பிக்கு எபாக்ஸி பூச்சு, அதற்கு மேல் நெளிவுள்ள பிளாஸ்டிக் உறை. இந்தக் காற்றுக்கு வெறும் கம்பி கூடாது.

அக்கா வீடு கடற்கரையில இருக்கு, அலை அரிக்குது. இந்த ஆணி வச்சு நிறுத்தலாமா? (மண்டபம்)

கூடாது. நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கிற சுத்த மணலில் இது வேலை செய்யாது. வெட்டும்போதே மண் ஒழுகிவிடும். அலை அரிப்பு வேறு வேலை, அதற்கு நான் ஆள் இல்லை.

அண்ணே, முக்கியமானதை விட்டுட்டேன். மேட்டுக்குப் பின்னால 3 மீட்டரிலேயே பக்கத்துக்காரர் எல்லை. (முதல் ஒப்பந்தக்காரர்)

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! 5 மீட்டர் ஆணி அவர் நிலத்துக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் போகும். எழுத்தில் சம்மதம் வாங்காமல் துளையிடாதீர்கள், நாளைக்கு அவர் அங்கே கிணறு தோண்டினால் கம்பியை அறுப்பார், உங்கள் வெட்டு அப்போது விழும். ஆணியை 3 மீட்டராகக் குறைத்து நெருக்கமாக அடித்தால் என்ன என்று கேட்பீர்கள், உச்சியில் 1.8 மீட்டர் போக மீதி 1.2தான் பிடிப்பு. அதை ஈடுகட்ட 80 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக அடிக்க வேண்டும். அப்படி அடித்தாலும் முழு மண்கட்டியும் ஆணிகளோடு சேர்ந்து முன்னால் வழுக்குவதை அது தடுக்காது. வெட்டை இரண்டு படியாக, நடுவில் மேடை விட்டுப் போட குடோனில் இடம் விட்டுக்கொடுக்க முடியுமா? அளவு அனுப்புங்கள், பார்க்கிறேன்.