நாற்பது அடியை முதலில் சொல்லுங்கள்

கேள்வி: நான் நிலாவெளிப் பக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக மாரி முடிந்ததும் ஒருமுறை, சோளகக் காலத்தில் ஒருமுறை தோட்டக் கிணறுகளில் மின்கடத்துதிறன் அளந்தேன். மோட்டார் அதிகம் ஓடும் கிணறுகளில் உவர் கூடியிருந்தது. வெளிநாட்டில் முதுகலைக்கு விளக்கக் கடிதம் எழுதுகிறேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினால் ஒன்றும் விளங்கவில்லை என்கிறா. டவுனில் ஒரு நிலையம் 25 ஆயிரத்துக்கு எழுதித் தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அங்கே கையில் இருப்பது ஓர் அச்சு. பொறியியல் பிள்ளைக்கும் தாதியியல் பிள்ளைக்கும் "சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்ற அதே முதல் வரிதான். உங்கள் கிணறுகளை அவர்கள் பார்த்ததில்லை. ஒரே வாசகம் பல விண்ணப்பங்களில் வருவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், நிலையமல்ல. சில நிலையங்களுக்குப் பிள்ளையைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் கமிஷன் வருகிறது. அப்படிப்பட்டவர் உங்கள் துறைக்குப் பொருந்தும் இடத்தைத்தான் காட்டுவார் என்று நம்ப முடியாது.

சரி, கடிதத்துக்கு வருவோம். "கரையோர மணல் நீர்கொள்படையில் இடைமுக மேலெழுச்சியை மின்கடத்துதிறன் வழியாக மதிப்பிட்டேன்" என்ற மாதிரித்தான் எழுதியிருப்பீர்கள். பிழை உங்களுடையது மட்டுமல்ல. நான்கு வருடம் இப்படி எழுதினால்தான் புள்ளி என்று பழக்கிவிட்டு, கடைசியில் "எளிமையாக எழுது" என்கிறார்கள்.

உங்கள் ஆய்வின் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். அதை முதலில் சொல்லுங்கள். கடலோர மணலுக்குள் இறங்கும் மழைநீர் கீழே இருக்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேலே மிதக்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனமானது. 40 அடி உயரக் கடல்நீரும் 41 அடி உயர நல்ல தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எடை. ஆகவே நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே 40 அடி ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த 1 அடியை இறைத்து முடித்தால் கீழே 40 அடித் தாங்கலும் போகும். இதைக் கேட்டால் அக்கா நிமிர்ந்து உட்காருவா. அனுமதிக் குழுவில் இருக்கும் உயிரியல்காரரும் அப்படித்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மோட்டார் போட்டதும் கிணற்றில் 2 அடி வற்றியது, எனவே உப்பு 80 அடி ஏறியது என்று எழுதிவிடாதீர்கள். அந்த 40 கணக்கு, தண்ணீர் அசையாமல் சமநிலையில் நிற்கும்போது சரி. இறைக்கும் கிணற்றுக்குள் வற்றும் மட்டம் வேறு, ஊர் முழுக்கத் தரைக்கடியில் நிற்கும் மட்டம் வேறு. முதலாவது பெரும்பாலும் ராத்திரியோடு திரும்பிவிடும். இரண்டாவது மாதக்கணக்கில் மெதுவாக இறங்குகிறது. உப்பு எல்லையும் அதன் பின்னால் ஆறுதலாகத்தான் ஏறும். கிணற்றுக்கு நேர் கீழே மட்டும் உப்பு கூம்பு போல மேலெழுவதும் உண்டு, அதன் அளவு இந்த 40 கணக்குக்குள் அடங்காது. அதனால் "காலம் கொடுத்தால், ஏறத்தாழ" என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் துறைப் பேராசிரியர் ஒருவர் அந்த வரியிலேயே பேனாவை வைப்பார்.

அப்புறம் நீங்கள் செய்தது. "தண்ணீரில் உப்பு கூடினால் அது மின்சாரத்தை அதிகம் கடத்தும். அதை ஒரு சிறு கருவியால் மழைக்குப் பிறகும் வறட்சியிலும் அதே கிணறுகளில் அளந்தேன். அதிகம் இறைத்த கிணறுகளில் கூடுதலாக ஏறியிருந்தது." இவ்வளவு போதும். கருவியின் மாதிரி எண், அலகு, புள்ளியியல் சோதனையின் பெயர் எதுவும் வேண்டாம்.

அடுத்த வரியில் உங்களுக்குத் தெரியாததை வையுங்கள். தோட்டத்தில் போடும் உரமும் மின்கடத்துதிறனைக் கூட்டும். மோட்டார் அதிகம் ஓடும் தோட்டத்தில் உரமும் அதிகம் விழும் அல்லவா? ஆகவே நீங்கள் கண்ட ஏற்றம் கடலிலிருந்து வந்ததா, உரப்பையிலிருந்து வந்ததா என்பதை உங்கள் அளவீடு மட்டும் பிரித்துக் காட்டாது. கடல் உப்பில் நிறைய இருக்கும் குளோரைட்டையும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றையும் சேர்த்து அளந்தால் ஓரளவு பிரிக்கலாம். முதுகலையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த நிலையமும் விற்காது.

எழுதியதும் அக்காவிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். கிணறு ஏன் உவராகிறது என்று கேளுங்கள். "நிறைய இறைத்தால் உப்பு வரும்" என்று மட்டும் சொன்னால் எடை வரி விளங்கவில்லை, அதைத் திருத்துங்கள். மேலே 1 அடி, கீழே 40 அடி என்று அவவே சொன்னால் அந்தப் பத்தியைத் தொடாதீர்கள். இந்த 40 கணக்கைக் கண்டுசொன்ன கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற பெயர்களை அதற்குப் பிறகு, பத்தியின் கடைசியில், ஒரே ஒரு தடவை போடலாம்.