சோபா மாறட்டும், தரை அப்படியே இருக்கட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஹால் படத்தில் சோபாவையும் கார்பெட்டையும் மட்டும் மாற்ற வேண்டும். நிழலும் தரையில் தெரியும் பிம்பமும் கெடக் கூடாது. எல்லோரும் ஃபோட்டோஷாப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள், அதனால் மெனுப் பெயர்களை அதிலிருந்தே சொல்கிறேன்.

படம் அனுப்பியிருக்கிறேன், நிழல் ஓரங்களில் கட்டம் கட்டமாக வருகிறதே, ஏன்? (திருச்சி)

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தால் அப்படித்தான் வரும். மெல்ல மங்கும் நிழலைத்தான் அந்தச் சுருக்கம் முதலில் கெடுக்கிறது. படம் எடுத்தவரிடம் ரா ஃபைலைக் கேளுங்கள். இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். திறந்ததும் 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

பழைய சோபாவை எடுத்துவிட்டுப் புதிதை அதே இடத்தில் வைத்தேன். வாடிக்கையாளர் நிழலைத் தொடக் கூடாது என்றதால் பழைய நிழலை அப்படியே விட்டேன். ஏதோ ஒட்டவில்லை என்கிறார். (கோவை)

ஒட்டாது. இந்தத் தவறை எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிழலைக் காப்பாற்றுவது என்றால் அறையின் வெளிச்சத்தைக் காப்பாற்றுவது. ஜன்னல் கம்பி நிழல், திரைச்சீலையின் நிழல், பால்கனிக் கதவின் பளபளப்பு இவையெல்லாம் அறைக்குச் சொந்தம், தொடக் கூடாது. பழைய சோபாவின் அடியில் இருக்கும் இருட்டு பழைய சோபாவுக்குச் சொந்தம். அது சோபாவோடு போக வேண்டும். உங்கள் படத்தில் பழையது தரையோடு படிந்த மெரூன் சோபா. புதியது ஆறு அங்குலக் கால் உள்ள சாம்பல் சோபா. காலுக்கு நடுவே வெளிச்சம் உள்ளே போக வேண்டிய இடத்தில் பழைய இருட்டு கட்டியாக நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சோபாவுக்கு முன்னால் முக்கால் அடிக்குத் தரை லேசாகச் சிவந்திருக்கிறது. மெரூன் துணியில் பட்டு வந்த வெளிச்சம் அது. சாம்பல் சோபா முன்னால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வரும்?

ஆகவே முதல் வேலை வெற்றுத் தரை. சோபா, கார்பெட் இரண்டையும் வெளியே நகர்த்திவிட்டு, டிரைபாடை அசைக்காமல், எக்ஸ்போஷரும் வொயிட் பேலன்ஸும் மேனுவலில் அப்படியே இருக்க இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதையும் சட்டென்று எடுக்க வேண்டும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 20 நிமிடம் தாமதித்தால் 5 டிகிரி. ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விழும் கம்பி நிழல் ஏறக்குறைய அரை அடி இடம் மாறியிருக்கும். இப்படி ஒரு படம் கையில் இருந்தால் அறையின் நிழலும் பிம்பமும் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன, நீங்கள் எதையும் வரைய வேண்டாம். சோபாவை நகர்த்த இரண்டு ஆள் போதும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாள் முழுக்க உட்காருகிறார்கள்.

படம் இல்லவே இல்லை என்றால் தரையை நீங்களே கட்ட வேண்டும். Filter > Vanishing Point திறந்து, நன்றாகத் தெரியும் நாலு டைல்ஸின் மூலைகளில் கட்டத்தை வைத்து, திறந்த தரையிலிருந்து டைல்ஸ் டைல்ஸாக எடுத்து நிரப்புங்கள். அதே வரிசையில், ஜன்னலிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் டைல்ஸாக எடுங்கள். இல்லாவிட்டால் தரை திட்டுத் திட்டாகத் தெரியும். சிவப்பு படிந்த இடத்துக்கு மேலே ஒரு லேயர், மோடு Color, நல்ல டைல்ஸின் நிறத்தை எடுத்து மென்மையான பிரஷில் 30 சதவீதமாகத் தடவினால் போகும்.

அதன்பின் புதிய சோபாவின் நிழல். Drop Shadow போடாதீர்கள். அது சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு நிழல் போடும். தரையில் நிற்கும் சோபாவுக்குப் போடத் தெரியாது. 4000 பிக்சல் அகலப் படத்தில் மூன்று லேயர், மூன்றும் Multiply: கால் தரையைத் தொடும் இடத்தில் நாலைந்து பிக்சலுக்கு அழுத்தமான கோடு, 70-80 சதவீதம், சோபா அடியில் 20 பிக்சல் அளவுக்கு மங்கிய இருட்டு, 50 சதவீதம், சுற்றிலும் 150 பிக்சல் வரை பரவிக் கரையும் மெல்லிய நிழல், 15 சதவீதம். நிறம் கருப்பு வேண்டாம், அந்த டைல்ஸ் நிறத்தின் கரும் சாயல். எண்கள் தோராயம்தான். அதே படத்தில் டீப்பாய் காலைப் பார்த்து ஒப்பிடுங்கள். காலடியை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்; அந்த மெல்லிய கோடு இல்லாவிட்டால் சோபா மிதக்கும்.

புது கார்பெட்டின் மேல் ஜன்னல் கம்பி நிழல் வர வேண்டும். நிழலை வெட்டி Multiply போட்டால் கார்பெட் அழுக்கு மஞ்சளாகிறது. (மதுரை)

நிழலோடு டைல்ஸின் க்ரீம் நிறத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறீர்கள். கார்பெட் நிறத்தை அது பெருக்கினால் மஞ்சள்தான் வரும். டைல்ஸ் நிறத்தைக் கழித்து, வெளிச்சத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

வெற்றுத் தரைப் படம் கீழே. அதன் மேல் ஒரே நிறம் நிரப்பிய லேயர். அந்த நிறத்தை வெயில் நேராக விழும், ஆனால் பளபளப்பு இல்லாத டைல்ஸிலிருந்து எடுங்கள். அந்த லேயரின் மோடு Divide. இப்போது வெயில் பட்ட தரை வெள்ளையாகும், கம்பி நிழல் மட்டும் சாம்பலில் நிற்கும். ஜன்னலின் பளபளப்பும் வெள்ளையிலேயே கரைந்துவிடும். அது நல்லதுதான், கார்பெட்டில் பளபளப்பு தெரியாது அல்லவா? கார்பெட், சோபா லேயர்களை மறைத்துவிட்டு Ctrl+Alt+Shift+E அழுத்தி இதைத் தனி லேயராக்குங்கள். பிறகு Divide லேயரை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தரையும் வெள்ளையாகவே நிற்கும். டைல்ஸ் ஜாயிண்ட் கோடுகள் இன்னும் இருக்கும். Filter > Noise > Median, ஆறேழு பிக்சல் கொடுத்தால் மெல்லிய கோடு மறையும், நிழலின் ஓரம் நிற்கும். இதை Multiply ஆக்கி, கார்பெட் லேயருக்கு மேல் கிளிப் செய்யுங்கள். தடித்த கார்பெட் என்றால் இரண்டு பிக்சல் மங்கலாக்குங்கள், நூல்களின் மேல் விழும் நிழல் டைல்ஸில் போல் கூர்மையாக இருக்காது.

நிழலில் லேசாக நீலம் தெரிந்தால் நீக்க வேண்டாம். நேர்வெயில் படாத இடத்தை வானத்தின் வெளிச்சம்தான் நிரப்புகிறது. அந்த நீலம் உண்மை.

கார்பெட்டின் அளவு சரியா என்று எப்படித் தெரியும்? (சேலம்)

தரையே அளவுகோல். இரண்டடி டைல்ஸ் என்றால் ஆறுக்கு நாலு கார்பெட் மூன்று டைல்ஸ் நீளம், இரண்டு டைல்ஸ் அகலம். ஓரங்களை ஜாயிண்ட் கோட்டின் போக்கிலேயே Distort கொண்டு இழுங்கள். கண்மதிப்பில் வைக்காதீர்கள்.

சோபாவைத் தலைகீழாக்கி, Screen மோடில் பிம்பம் போட்டேன். வெள்ளை டைல்ஸில் ஒன்றுமே தெரியவில்லை. (சென்னை)

Screen வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே செய்யும். வெள்ளைத் தரையில் ஏற்கெனவே வெள்ளைச் சுவரின் பிம்பம் இருக்கிறது. பழுப்புச் சோபா அதை மறைக்கிறது, அதனால் அந்த இடம் சுற்றிலும் விட இருண்டு தெரிய வேண்டும். மோடை Normal ஆக்கி Opacity அளவைக் குறையுங்கள். எவ்வளவு என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது: கேமரா நாலடி உயரத்தில் இருந்தால் ஆறேழு அடி தூரத் தரை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பிரதிபலிக்கும், பதின்மூன்றடித் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆகவே சோபாவின் காலடியில் 20 சதவீதம், உங்கள் பக்கம் வர வர 10 சதவீதமாகக் கரையும்படி மாஸ்க். மங்கலும் அப்படியே: காலடியில் கூர்மை, தள்ளிப் போகப் போக ஆறேழு பிக்சல்.

தலைகீழாக்குவதைக் கால் தொடும் இடத்திலிருந்து செய்யுங்கள். சோபா சாய்வாக நின்றால் முன்பக்கமும் பக்கவாட்டும் தனித்தனி. இரண்டையும் Skew செய்து அதனதன் அடிக்கோட்டோடு பொருத்த வேண்டும். பிம்ப லேயர் நிழல் லேயருக்கு மேலே இருக்கட்டும், நிழல் பிம்பத்தை இருட்டாக்காது.

உங்கள் படத்தில் என் கண்ணில் முதலில் பட்டது வேறு. பிம்பம் டைல்ஸ் ஜாயிண்ட்டின் மேலும் தடையில்லாமல் ஓடுகிறது. ஜாயிண்ட் சிமெண்ட் மினுங்காது. அந்த நாலு பிக்சல் கோட்டில் பிம்பம் அறுந்து நிற்க வேண்டும். மாஸ்க்கில் அந்தக் கோடுகளைக் கருப்பாக வரைந்துவிடுங்கள்.

கார்பெட் சோபாவின் முன்னால் இருக்கிறது. அப்படியானால் பிம்பமே வேண்டாம்தானே? (ஈரோடு)

கார்பெட்டின் மேல் வேண்டாம். அதற்கு இந்தப் பக்கத்துத் தரையைச் சோதியுங்கள். கேமராவிலிருந்து பொருளின் தூரத்தைக் கேமரா உயரத்தால் பெருக்கி, கேமரா உயரமும் பொருளின் உயரமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் பிம்பத்தின் நுனி விழும் இடம் கிடைக்கும். கேமரா 1.2 மீட்டர் உயரம், சோபா முதுகு 85 சென்டிமீட்டர் உயரம், 5 மீட்டர் தூரம் என்றால் நுனி சுமார் 2.9 மீட்டரில். கார்பெட்டின் முன் ஓரம் 3.2 மீட்டரில் முடிந்தால், அதற்கு முன்னால் ஒரு அடி அளவுக்கு டைல்ஸில் சோபா முதுகின் மேல்விளிம்பு தெரிந்தாக வேண்டும். பெரிய கார்பெட்டை எடுத்துவிட்டுச் சின்னதை வைக்கும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான்.

சோபா ஓரத்தில் வெள்ளைக் கோடு. (வேலூர்)

Layer > Matting > Defringe, 1 பிக்சல்.

சோபா எங்கு வைத்தாலும் சாய்ந்து தெரிகிறது. (தஞ்சாவூர்)

கடைப் படம் இடுப்புயரத்தில் எடுத்தது, உங்கள் ஹால் நெஞ்சுயரத்தில் எடுத்தது. ஹாலில் இருக்கை மேல்பரப்பு நன்றாகத் தெரிய வேண்டும். கடைப் படத்தில் அது ஒரு கீற்றாகத்தான் இருக்கிறது. இழுத்து வளைத்து இதைச் சரி செய்ய முடியாது. ஹாலில் கேமரா நின்ற உயரத்தையும் தூரத்தையும் டேப்பில் அளந்து சொல்லி, கடையில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். போகும்போது சோபாவின் அடிப்பாகத்தையும் தரையோடு கேமராவை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கால் உயரமான சோபாவுக்குத் தரைப் பிம்பத்தில் அந்த அடிப்பாகமும் தெரியும்.