ஒரே லாரி, இரண்டு பில்: கையெழுத்துப் போடுமுன் இறக்குக் கூலி வவுச்சரைப் பாருங்கள்

கேள்வி: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சம்பா கடன் பட்டுவாடா தொடங்குமுன் உரக்காரர் பாக்கியை அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு யூரியா பில் ஒரே லோடுக்குப் போட்டது மாதிரி தெரிகிறது. பில் எண், தேதி, தொகை எல்லாம் வேறு, லாரி எண் மட்டும் ஒன்று. செயலாளர் "பாஸ் பண்ணிடு" என்கிறார். எப்படி உறுதி செய்வது? கையெழுத்துப் போட்டால் என் தலையில் விழுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். விழும். வராத சரக்குக்குப் பணம் போனால் அடுத்த தணிக்கையில் அது இருப்புக் குறைவாக நிற்கும். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-வது பிரிவில், இழப்பைப் பொறுப்பானவர்களிடமே வசூலிக்கும் தண்டத்தீர்வை நடவடிக்கை வந்தால், பில்லில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். செயலாளர் வாயால் சொன்ன "பாஸ் பண்ணிடு" அந்தக் கோப்பில் எங்கேயும் இருக்காது.

உறுதி செய்வது எப்படி என்பதை நான் தணிக்கையில் இருந்தபோது டெல்டாவில் பார்த்த ஒரு சங்கத்தை வைத்துச் சொல்கிறேன். அங்கே இருந்த எழுத்தர் அம்மாவுக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான் வந்தது, அதே பருவத்தில்.

முதல் பில் லாரியோடு வந்தது. யூரியா 220 மூட்டை, ஊர் வந்து சேர்ந்த விலை மூட்டைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக 55,000. எட்டு நாள் கழித்து, பருவ பாக்கிப் பில்களின் கட்டோடு சேர்த்து, இரண்டாவது பில்லை உரக்காரரின் ஏஜென்ட் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் மூட்டைக் கணக்கே கிடையாது. "யூரியா 9.900 டன்" என்று ஒரு வரி, லாரி வாடகை 2,200 என்று தனியாக ஒரு வரி, மொத்தம் 57,200. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்று போலவே தெரியாது.

செயலாளர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். டன்னுக்கு இருபது மூட்டை, ஆக 198 மூட்டை. "அது 220, இது 198. வேற லோடும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் படித்த காலத்துக் கணக்கு அது. யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக 2018-லேயே மாறிவிட்டது. டிஏபி இன்னும் 50 கிலோ என்பதால் பழைய ஆட்களுக்கு எல்லா மூட்டையும் 50-தான். 9,900 கிலோவை 45-ஆல் வகுத்தால் சரியாக 220. அந்த அம்மா பில்லின் பின்பக்கத்திலேயே பென்சிலால் வகுத்திருந்தார். நான் போனபோது அது அழியாமல் இருந்தது.

ஆனால் 220-உம் 220-உம் ஒத்துப்போனதால் மட்டும் இரட்டைப் பில் என்று சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் அவசரப்பட்டு உரக்காரர் மேல் பாய்ந்துவிடாதீர்கள். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ரேக் வந்து நிற்கும்போது ஒரே லாரி ஒரே நாளில் இரண்டு நடை அடிப்பது சாதாரணம். ஷெட்டிலிருந்து உங்கள் ஊர் பதினைந்து கிலோமீட்டர் என்றால் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. லாரி எண், ஓட்டுநர், தேதி எல்லாம் ஒன்றாக இருக்கும். லாரியின் கொள்ளளவு மாறாது என்பதால் மூட்டை எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு பில்லும் நேர்மையான பில்தான். சில சமயம் முதல் நடைக்கு அன்றே பில் போட்டுவிட்டு, இரண்டாவது நடையை வெறும் டெலிவரி சலானில் அனுப்பி, ஒரு வாரம் கழித்துப் பில் அனுப்புவார்கள். தேதி வேறாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்படி உண்மையாகவே இரண்டு நடை வந்த சரக்குக்கு, போலி என்று நினைத்துப் பணத்தை நிறுத்தி, அடுத்த லோடு வராமல் மேலுரம் போடும் நேரத்தில் விவசாயிகளிடம் ஏச்சு வாங்கிய சங்கத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஏஜென்ட்டும் இதையேதான் சொன்னார். "மேடம், அது ரெண்டாவது நடை. நீங்க அன்னிக்கு லீவு."

அன்றைக்கு அவர் லீவுதான். ஏஜென்ட்டுக்கு அது தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இரண்டு நடையா, ஒரு நடையா என்பதைக் கணினி சொல்லாது, இறக்கியவர்கள் சொல்வார்கள். அந்த அம்மா எடுத்தது இறக்குக் கூலி வவுச்சர் கட்டு. சுமை தூக்குகிறவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்கே காசு வாங்கிவிட்டுத்தான் போவார்கள். 220 மூட்டை இறக்கிவிட்டுக் கூலி வாங்காமல் போகிற ஆள் எந்த ஊரிலும் இல்லை. அந்தத் தேதியில் ஒரே ஒரு வவுச்சர் இருந்தது, 220 மூட்டைக்கு. அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் எதுவும் இல்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அண்ணே, அன்னிக்கு சாயங்காலம் இன்னொரு நடை வந்துச்சா?" என்று கேட்டார். "சாயங்காலம் மழைம்மா. வந்திருந்தா தார்ப்பாய் கேட்டு ஒங்க ஆபீசுக்குத்தானே ஆள் அனுப்பியிருப்பேன்" என்றார் அவர்.

அதற்கு அப்புறம்தான் கிடங்கைத் திறந்தார்கள். லோடு வருமுன் இருப்பு 36 மூட்டை. வந்தது 220. அன்றுவரை விற்றது 171. அப்படியானால் 85 மூட்டை இருக்க வேண்டும். இரண்டாவது நடை உண்மை என்றால் 305 இருக்க வேண்டும். அட்டியை எண்ணினால் 85. நீங்கள் எண்ணும்போது தனியாக எண்ணாதீர்கள். சங்க விற்பனையாளரையும் மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி, இருப்புப் பதிவேட்டிலேயே தேதி போட்டு மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது பில்லோடு ஒரு டெலிவரி சலானும் இணைத்திருந்தார்கள். ஜெராக்ஸ். சங்கத்து முத்திரை, சங்க விற்பனையாளர் கையெழுத்து எல்லாம் இருந்தது. முதல் சலானின் அலுவலக நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முத்திரை அதே இடத்தில், அதே சாய்வில். கையால் குத்துகிற முத்திரை இரண்டு தடவை ஒரே மாதிரி விழாது. சலானின் எண் இருந்த மூலை மட்டும் நகலில் மடங்கிப்போயிருந்தது.

இனி நான் எப்போதும் கத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பில்லைக் கொண்டுவருகிற இடைத்தரகர் உங்களிடம் இரண்டு உதவி கேட்பார். இரண்டையும் செய்யாதீர்கள்.

ஒன்று, "பிஓஎஸ் மெஷின்ல சரக்கு வந்ததா மட்டும் ஏத்துக்கிடுங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்பது. ஏற்றுக்கொண்ட நிமிஷமே மெஷின் இருப்பில் 220 மூட்டை ஏறிவிடும், கிடங்கில் ஏறாது. உர ஆய்வாளர் வந்து இரண்டையும் ஒப்பிட்டால் பதில் சொல்ல வேண்டியது சங்கம். அதைவிட மோசம், அந்த இல்லாத இருப்பைக் கழிக்க யாராவது விவசாயிகளின் ஆதாரில் விரல் வைக்கச் சொல்லி வெறும் விற்பனை போட ஆரம்பிப்பார்கள். மெஷினில் விற்பனை பதிவானால்தான் உர நிறுவனத்துக்கு அரசு மானியம் போகிறது. ஆக, வராத மூட்டைக்கு நீங்கள் விற்பனையும் போட்டுவிட்டால் விஷயம் உங்கள் சங்கத்தின் 57,200 ரூபாயோடு நிற்காது, அரசுப் பணத்தில் கைவைத்ததாகிவிடும். அந்த அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. அவரைக் காப்பாற்றியதில் பாதி அதுதான்.

இரண்டாவது, "பணத்தைப் போடுங்க, தப்புன்னா அடுத்த லோடுல கழிச்சுக்கலாம்" என்பது. அடுத்த லோடு வரும்போது அந்த ஏஜென்ட் இருக்க மாட்டார், அல்லது நீங்கள் மாற்றலாகியிருப்பீர்கள். தவறான பில் என்றால் உரக்காரர் அந்தப் பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும், அதுவும் ஏஜென்ட் கையால் அல்ல, அவர்கள் அலுவலகத்திலிருந்து நேராக.

"ஜிஎஸ்டி தளத்துல ரெண்டு பில்லும் இருக்கே, அப்ப உண்மைதானே" என்றும் சொல்வார்கள். உரக்காரர் எதை ஏற்றினாரோ அது அங்கே தெரியும். பில் ஏறியதற்கு அது அத்தாட்சி, மூட்டை இறங்கியதற்கு அல்ல.

இதையெல்லாம் ஒரு எழுத்தர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல். அதே 220 மூட்டையை இருப்புப் பதிவேட்டில் ஒரு தடவை, பிஓஎஸ் மெஷினில் ஒரு தடவை, சங்கக் கணினியில் ஒரு தடவை எழுத வைக்கிறார்கள். மூன்றும் ஒன்றோடு ஒன்று பேசுவது கிடையாது. ஒரே பில் எண்ணை இரண்டு தடவை போட்டால் கணினி தடுக்கும், எண்ணை மாற்றிப் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். செயலாளரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மூன்று சங்கத்துப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள், வாரத்தில் இரண்டு நாள்தான் அங்கே வருவார்.

நீங்கள் செய்ய வேண்டியது, செயலாளருக்கு அரைப்பக்கத்தில் ஓர் அலுவலகக் குறிப்பு. இரண்டு பில்லின் எண், மூட்டைக் கணக்கு, கூலி வவுச்சர் எண், கிடங்கில் எண்ணிய இருப்பு, இவற்றை எழுதி, "இரண்டாவது பில்லுக்குச் சரக்கு வரவு இல்லை, விளக்கம் பெறும்வரை நிறுத்தலாம்" என்று முடித்து, தேதியோடு கோப்பில் வையுங்கள். ஏமாற்று, மோசடி என்ற சொற்கள் வேண்டாம். அதை முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. சந்தேகமில்லாத முதல் பில்லுக்கு உரிய பணத்தைத் தாமதிக்காமல் அனுப்பிவிடுங்கள். உர வரத்து நிற்காது, "பணம் தராமல் இழுக்கிறார்கள்" என்று யாரும் சொல்லவும் முடியாது.

அந்தச் சங்கத்தில் குறிப்பைப் பார்த்ததும் செயலாளர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் செக்கில் கையெழுத்துப் போடவில்லை. உரக்காரருக்கு நேராகக் கடிதம் போனது. பதினோராவது நாள் கிரெடிட் நோட் வந்தது, "பதிவேற்றப் பிழை" என்று ஒரு வரி விளக்கத்தோடு. பிழையாகவே இருக்கலாம். ஆனால் பதிவேற்றப் பிழைக்கு லாரி வாடகை 2,200 தனியாக விழுந்தது எப்படி என்று நான் என் அறிக்கையில் கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.