புஜங்காசனமா, ஊர்த்துவ முக ஸ்வானாசனமா?

"படத்தில் இருப்பவர் கைகளை ஊன்றி மார்பை உயர்த்தியிருக்கிறார். இது எந்த ஆசனம்?"

முதுகின் வளைவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதால், முதலில் தொடைக்கும் தரைக்கும் இடையில் பாருங்கள். இடுப்பின் முன்பகுதியும் தொடைகளும் விரிப்பில் படிந்திருந்தால் அது புஜங்காசனம். முழங்கால்களும் எழும்பி, உள்ளங்கைகளும் புறங்கால்களும் மட்டுமே உடலைத் தாங்கினால் அது ஊர்த்துவ முக ஸ்வானாசனம்.

முழங்கை மடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். உடல் நன்கு வளைபவர்கள் புஜங்காசனத்திலும் கைகளை முழுக்க நீட்டிவிடுவார்கள். தொளதொளத்த கால்சட்டை இடைவெளியை மறைத்தால், முழங்காலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா, தோள்கள் மணிக்கட்டுகளுக்கு நேர்மேலே நிற்கின்றனவா என்று கவனிப்பேன். நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் தொடையே தெரியாதபோது, உறுதியாகப் பெயர் சொல்ல இயலாது. பக்கவாட்டுப் படம் வேண்டும்.