பொதுப் பேட்டரி, தனி மீட்டர்: மாதம் எவ்வளவு வாங்குவது?

கேள்வி: பாபநாசத்துக்கு மேலே காட்டை ஒட்டி எங்கள் ஊர், 20 வீடுகள். மின்வாரியக் கம்பி வரவில்லை. 5 கிலோவாட் சோலாரும் பொதுப் பேட்டரியும் போட்டு, வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கப் போகிறோம். யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கினால் சண்டை வராது?

பதில்: யூனிட்டுக்கு மட்டும் வாங்கினால் சண்டை வரத்தான் செய்யும். வெயிலுக்கு விலை இல்லை. செலவெல்லாம் பேட்டரியின் தேய்மானமும் பார்த்துக்கொள்கிறவரின் கூலியும்தான். ஊரே விளக்கை அணைத்து வைத்தாலும் அவை நிற்பதில்லை.

மூன்று எல்.இ.டி. விளக்கு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி, டி.வி. என்றால் ஒரு வீட்டுக்கு நாளைக்கு அரை யூனிட், ஊருக்கு 10. இதற்கு 20 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி போதும். அதில் 80 சதவீதம்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டரில் போவதையும் கழித்தால் மழைநாளில் ஏறக்குறைய ஒன்றரை நாள் தாங்கும்.

பேட்டரி விலை 3 லட்சம், ஆயுள் 10 ஆண்டு என்று கொள்வோம். மாதம் 2,500 ரூபாய் அதற்கே ஒதுக்க வேண்டும். கூலி, பழுது, இன்வெர்ட்டர் மாற்றம் என இன்னொரு 2,500. இந்த 5,000 ரூபாயில் வீட்டுக்கு 150 வீதம் நிலைக்கட்டணமாக 3,000 வந்துவிடும். மீதியை மாதச் செலவான 300 யூனிட்டில் பிரித்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 ரூபாய். தனியாக இருக்கும் பாட்டி 8 யூனிட் எரித்து 206 ரூபாய் கட்டுவார். 25 யூனிட் எரிக்கும் வீடு 325 கட்டும்.

ஆனால் வசூல் கெடுவது பெரும்பாலும் கட்டணத்தால் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேட்டரி பாதிதான் ஏறியிருக்கும். அன்று மாலை இரண்டு வீட்டில் மின் அடுப்பு வைத்தால் பத்து மணிக்கு ஊரே இருட்டாகிவிடும். அடுத்த மாதம் பாட்டி பணம் தர மறுப்பார். அவர் பக்கம்தான் நியாயம். ஆகவே மீட்டரிலேயே இரண்டு வரம்பு வையுங்கள்: ஒரே நேரத்தில் 300 வாட், ஒரு நாளைக்கு ஒரு யூனிட். வெயில் மிஞ்சும் நண்பகலில் மிக்ஸி ஓட வரம்பைத் தளர்த்தலாம். பேட்டரி 40 சதவீதத்துக்கு இறங்கினால் தலைவர் வீடு உட்பட எல்லோருக்கும் விளக்கு மட்டும். இவற்றை நேரப்படி அமைக்க முடியுமா என்று மீட்டர் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மீட்டர் முன்பணம் கட்டும் வகையாக இருக்கட்டும். மிளகு விற்றுக் கையில் காசு புழங்கும்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம்.

மாதக் கடைசியில் பேட்டரி அறையின் பொது மீட்டரையும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். 300க்கு 322 என்று வந்தால் பதற வேண்டாம்; ஒரு மீட்டர் தனக்கே ஒரு வாட் எடுத்தாலும் 20 மீட்டருக்கு மாதம் 14 யூனிட் போகும். மிச்சம் கம்பியில் போனது. 350 என்றால் எங்கோ கொக்கி விழுந்திருக்கிறது. கம்பி வழியே நடந்து பாருங்கள்.

கோயில் கொடைக்கு மட்டும் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். 2 கிலோவாட் மைக் செட் ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். ஊரின் ஒரு நாள் மின்சாரத்தைவிட அதிகம்.